கோடை வந்தால் தோட்டத்து மோட்டர் ஏன் எரிகிறது? காரணமும் தடுக்கும் முறையும்

களுதாவளைப் பக்கம் கத்தரியும் மிளகாயும் செய்கின்ற ஒரு அண்ணன் என்னிடம் இப்படிக் கேட்டார்: “தம்பி, கச்சான் காத்து அடிக்கத் தொடங்கினா என்ட மோட்டர் எரியுது. கொயில் கட்டுறவருக்குத்தான் நான் உழைக்கிறன். மோட்டர்தான் கூடாதா?”

அவருடைய மோட்டரில் குறை இருக்கவில்லை. மாரியில் ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள் ஓடுகின்ற மோட்டர் கோடையில் மணிக்கணக்காக ஓடுகிறது. அதே நேரத்தில் அயலில் உள்ள எல்லாத் தோட்டங்களிலும் நீர்ப்பம்பிகள் ஓடுவதால் மின்னழுத்தம் இறங்குகிறது. சுற்றியுள்ள காற்றும் சுடுகிறது. இந்த மூன்றும் சேரும்போது மோட்டருக்குள் உண்டாகும் வெப்பம் வெளியேறும் வெப்பத்தை மிஞ்சிவிடும். இவற்றுள் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போவது மின்னழுத்தம் என்பதால் இந்த விளக்கம் அதைச் சுற்றியே அமைகிறது. இங்கே பேசப்படுவது வீட்டு மின்னிணைப்பில் ஓடுகின்ற ஒற்றைக் கட்ட மோட்டர்களைப் பற்றி மட்டுமே.

படி 1: எரிந்த கொயிலை வெட்ட முன்னர் பாருங்கள்

கொயில் கட்டுபவர் பழைய செப்புக் கம்பியை வெட்டி எறிந்துவிட்டால் சான்றும் அதனுடன் போய்விடும். ஆகவே மோட்டரைத் திறக்கும்போது நீங்களும் அருகில் நில்லுங்கள். சுற்றுகள் எல்லாம் ஒரே சீராகக் கறுத்து, வார்னிஷ் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால், மோட்டர் நெடுநேரம் அதிக மின்னோட்டத்தில் ஓடியிருக்கிறது என்று பொருள். மெல்லிய கம்பியால் ஆன துணைச் சுற்று மட்டும் கருகி, தடித்த கம்பியின் பிரதான சுற்று செம்பு நிறத்திலேயே இருந்தால், கப்பாசிட்டரையும், தொடக்கத்தின் பின் அதைத் துண்டிக்கும் சுவிட்ச் இருந்தால் அதையும் சந்தேகிக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் கம்பி உருகிக் குமிழாகியிருந்தால், ஈரம் இறங்கியோ உராய்ந்தோ காப்பு கெட்டிருக்கக்கூடும்.

அண்ணனுடைய கொயில் முழுவதும் கறுத்திருந்தது. ஆகவே அடுத்த படிதான் அவருக்கு முக்கியமாயிற்று.

படி 2: மோட்டரின் முனைகளில், அது ஓடிக்கொண்டிருக்கும்போது அளவுங்கள்

பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். மின் வேலை செய்பவர் பகலில் வந்து, மோட்டரை நிறுத்தி வைத்துவிட்டு, வீட்டு மீட்டர்ப் பலகையில் அளந்து பார்த்து, “228 இருக்கு, கரண்ட் நல்லாத்தான் வருது” என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் சொன்னது பொய்யன்று. ஆனால் அந்த அளவால் பயனில்லை. இலங்கையில் வழங்கப்படும் மின்னழுத்தம் 230 வோல்ட். அது 6 வீதம் வரை கூடிக் குறையலாம் என்பதால் ஏறக்குறைய 216 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆனால் மோட்டருக்குத் தெரிவது அதன் சொந்த முனைகளில், அது சுமையோடு ஓடும் நேரத்தில் கிடைக்கின்ற அழுத்தம் மட்டுமே.

ஆகவே நீங்கள் வழமையாகத் தண்ணீர் இறைக்கும் அதே நேரத்தில், மோட்டர் ஓடிக்கொண்டிருக்கையில் மூன்று அளவுகளை எடுக்க வேண்டும்: பலகையில் உள்ள அழுத்தம், மோட்டர் முனைகளில் உள்ள அழுத்தம், மோட்டர் இழுக்கும் மின்னோட்டம். மின்னோட்டத்துக்குக் கிளாம்ப் மீட்டரே நல்லது. சாதாரண மல்டிமீட்டரால் இதை அளக்க வயரை வெட்டி இடையில் இணைக்க வேண்டும். அதன் பத்து அம்பியர் எல்லையும் இத்தகைய மோட்டருக்குப் போதாது. கிளாம்ப் மீட்டரின் வாயை இரு வயர்களையும் சேர்த்துப் பிடிக்காமல் ஒரு வயரை மட்டும் சுற்றிப் பிடிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பூச்சியம் காட்டும். மின் இணைப்பு உள்ள முனைகளைத் தொட்டுப் பழக்கமில்லாதவர்கள் இந்தப் படியை மின் வேலை தெரிந்தவரைக் கொண்டே செய்விக்க வேண்டும். ஈர மண்ணில் வெறுங்காலுடன் நின்றுகொண்டு ஒருபோதும் செய்யக் கூடாது.

அண்ணனுடைய மோட்டர் இரண்டு குதிரைவலு. அதன் தகட்டில் 10 அம்பியர் என்று பொறித்திருந்தது. மாலை ஏழு மணிக்கு அளந்தபோது பலகையில் 208 வோல்ட், மோட்டரில் 191 வோல்ட், மின்னோட்டம் 12.5 அம்பியர். அழுத்தம் குறைந்தால் மின்னோட்டமும் குறையும் என்று பலரும் எண்ணுகிறார்கள். பழைய இழை மின்குமிழுக்கு அது பொருந்தும், மோட்டருக்குப் பொருந்தாது. பம்பி கேட்கும் வேலை மாறாததால், குறைந்த அழுத்தத்தில் அதே வேலையைச் செய்ய மோட்டர் கூடுதலான மின்னோட்டத்தை இழுக்கிறது. கொயிலில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், 12.5 அம்பியரில் அந்த வெப்பம் 10 அம்பியரில் இருப்பதைவிட ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகமாகும். அந்த நிலையில் மூன்று மணி நேரம் ஓடினால் உடனே எரிந்துவிடும் என்பதில்லை. ஆனால் வெப்பநிலை ஒவ்வொரு பத்துப் பாகை கூடும்போதும் கொயில் காப்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையில் நெடுங்காலமாக வழங்கும் கணக்கு. எனவே வைகாசியில் கட்டிய கொயில் ஆவணிக்குள் முடிந்துவிடுவதில் வியப்பில்லை.

படி 3: பலகைக்கும் மோட்டருக்கும் இடையில் தொலைந்த 17 வோல்ட்

208 என்பது வெளியிலிருந்து வருவது. அதை நாம் திருத்த முடியாது. ஆனால் 208, 191 ஆனது நம் வளவுக்குள்ளே நடந்தது. வீட்டிலிருந்து கிணற்றடிக்கு 90 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், அதாவது கடையில் 7/0.67 என்று கேட்டு வாங்கும் வயர் இழுக்கப்பட்டிருந்தது. போக்கும் வரவும் சேர்த்து 180 மீட்டர் செம்பு. அந்தத் தடிப்பில் ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 7.4 ஓம் தடை உண்டு; ஆகவே 180 மீட்டருக்கு 1.33 ஓம், அதை 12.5 அம்பியரால் பெருக்கினால் கிட்டத்தட்ட 17 வோல்ட். மீட்டரில் கண்டதும் கணக்கும் ஒத்துப்போயின. இவை ஒத்துப்போகாமல் இழப்பு இதைவிடப் பெரிதாக இருந்தால், நடுவில் எங்கோ ஒரு மூட்டு தளர்ந்திருக்கிறது. கடற்கரைப் பக்கத்தில் உப்புக் காற்றால் மூட்டுகளில் பச்சை பிடிப்பது வழமை. கைக்குச் சுடுகின்ற பிளக்கும் அதே குறையைத்தான் காட்டுகிறது.

தொடங்கும் கணத்தில் நிலைமை இன்னும் மோசமாகும். அப்போது மோட்டர் வழமையைவிட ஐந்து மடங்கு வரை இழுப்பதால், அந்த மெல்லிய வயரில் மட்டும் நாற்பது வோல்ட்டுக்கு மேல் தொலையும். மோட்டரின் சுழற்று விசை அழுத்தத்தின் வர்க்கத்தோடு குறைவதால், தொடக்க விசை ஏறக்குறைய பாதியாகிவிடும். மோட்டர் “ம்ம்ம்” என்று முனகிக்கொண்டு சுழலாமல் நிற்பது இதனால்தான். அப்படி ஒரு நிமிடம் விட்டால் அந்த ஒரு நிமிடமே கொயிலை முடித்துவிடும்.

தீர்வாக 6 சதுர மில்லிமீட்டர் வயரைப் போட்டோம்; அது 7/1.04. இழப்பு ஆறு ஏழு வோல்ட்டாகக் குறைந்தது. அத்துடன் இறைக்கும் நேரத்தையும் மாற்றினோம். நாட்டின் மின் பாவனை உச்சத்தில் இருப்பது மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை, அதைத் தவிர்த்து விடியற்காலையில் இறைக்கத் தொடங்கியபோது பலகையில் 224 வோல்ட்டும் மோட்டரில் 218 வோல்ட்டும் கிடைத்தன, மின்னோட்டம் 10.4 அம்பியருக்கு இறங்கியது. வயருக்குப் பணம் செலவாயிற்று. நேரத்தை மாற்றச் செலவே இல்லை. பணம் இல்லாதவர் முதலில் நேரத்தை மாற்றிப் பார்க்கலாம்.

ஸ்டெபிலைசர் வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மெல்லிய வயரை அப்படியே விட்டுவிட்டு அதை வாங்குவதை நான் ஆதரிப்பதில்லை. அழுத்தத்தை உயர்த்திக் கொடுப்பதற்கு அது உள்ளீட்டில் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது; அதைக் கிணற்றடியில் வைத்தால் வயரின் இழப்பு இன்னும் கூடும். முதலில் வயர், அதன் பிறகும் போதாவிட்டால் மட்டும் ஸ்டெபிலைசர்.

படி 4: ஓவர்லோட் ரிலே

“வீட்டில ட்ரிப் சுவிட்ச் இருக்குதானே, அது காப்பாற்றாதா?” என்பது அடுத்த கேள்வி. காப்பாற்றாது. ட்ரிப் சுவிட்ச் மின் ஒழுக்கைக் கண்டு மனிதரைக் காக்கிறது. மோட்டர் சூடாவது அதற்குத் தெரியாது. பலகையில் உள்ள 20 அம்பியர் பிரேக்கரும் 12.5 அம்பியரைக் கண்டு அசையாது. மோட்டரைக் காப்பது ஸ்டார்ட்டரோடு வருகின்ற, மின்னோட்டம் அளவை மிஞ்சினால் மோட்டரை நிறுத்திவிடும் ஓவர்லோட் ரிலே ஒன்றுதான். அதன் குமிழைத் தகட்டில் உள்ள அம்பியருக்கே, அதாவது இங்கே 10 இல் அல்லது மிகச் சற்று மேலே, திருப்பி வைக்க வேண்டும். அடிக்கடி விழுகிறது என்பதற்காக 14 இல் வைப்பது ரிலேயைக் கழற்றி எறிவதற்குச் சமம்.

கடைகளில் கிடைக்கும் ரிலேக்கள் பெரும்பாலும் மூன்று கட்டத்துக்கு உரியவை; மூன்று வழிகள் கொண்டவை. ஒற்றைக் கட்ட மோட்டருக்கு இணைக்கும்போது மின்னோட்டம் மூன்று வழிகளிலும் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லுமாறு தொடராக இணைக்க வேண்டும். ஒரு வழியை வெறுமையாக விட்டால், கட்டம் ஒன்று அறுந்துவிட்டது என்று எண்ணி ரிலே காரணமின்றி விழும். பலர் அதைப் பழுது என்று கருதித் தூக்கிவிடுகிறார்கள்.

ரிலே விழுந்தால் உடனே அழுத்தி மீண்டும் ஓட விடாமல், மோட்டரின் உடலில் கை வைக்க முடியுமளவுக்கு ஆற விட்டு, பின்னர் மின்னோட்டத்தை அளந்து பார்க்க வேண்டும்.

மற்றவை, சுருக்கமாக

மாரியில் மழைக்காகத் தகரப் பெட்டியாலோ யூரியாப் பையாலோ மூடிய மோட்டரைக் கோடையிலும் அப்படியே விடாதீர்கள். இவை பொதுவாக 40 பாகைக் காற்றுக்கு அமைக்கப்பட்டவை. கச்சான் காலத்தில் தகரத்துக்குள் அதைத் தாண்டிவிடும். மேலே ஓலைக் கூரை போட்டு, பின்பக்க விசிறி மூடிக்குப் பின்னால் ஒரு சாண் வெளி விடுங்கள்.

கப்பாசிட்டரில் 40 மைக்ரோ ஃபரட் என்று இருந்து, அளக்கும்போது 36 க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். 450 வோல்ட்டுக்குரியதையே வாங்குங்கள். தொடுமுன் மின்னை நிறுத்தி, அதைத் தடையொன்றின் மூலம் மின்னிறக்க வேண்டும்.

கிணற்று நீர் இறங்கி ஃபுட் வால்வு காற்றை உறிஞ்சினால் மோட்டர் நேரடியாக எரிவதில்லை. சாதாரண சென்றிபியூகல் பம்பி வெறுமையாக ஓடும்போது மின்னோட்டம் குறையவே செய்யும். ஆனால் நீர் இல்லாமல் சீல் கருகி, தண்டு இறுகினால் அடுத்த தடவை மோட்டர் சுழலாது நின்று எரியும். ஆகவே நீர் மட்டம் இறங்கும் நாட்களில் இடைவெளி விட்டு இறையுங்கள்.

பிற்சேர்க்கை

இதன்படி செய்த ஒருவர், அழுத்தம் குறைந்தால் தானாக நிறுத்தும் டிஜிட்டல் காப்புக் கருவி ஒன்றையும் பூட்டியிருந்தார். மோட்டரைப் போட்டவுடன் அது நிறுத்திவிடுகிறது என்று முறையிட்டார். தொடங்கும் கணத்தில் அழுத்தம் தற்காலிகமாக விழுவதை அது குறைபாடாகக் கொண்டுவிடுகிறது. குறை அழுத்த எல்லையை 195 இல் வைத்து, நிறுத்துவதற்கு முன் காத்திருக்கும் நேரத்தை ஐந்து வினாடியாக மாற்றியதும் சரியாயிற்று. மின் வெட்டுக்குப் பின் மீண்டும் இணைக்கும் நேரத்தை மூன்று நிமிடமாக வைக்கவும் சொன்னேன். மின் வந்த கணத்தில் அயலில் உள்ள எல்லாப் பம்பிகளும் ஒன்றாகத் தொடங்குவதால் அந்த முதல் நிமிடத்தில்தான் அழுத்தம் மிகவும் கீழே போகிறது.