ஒரே ராம் ஸ்டிக் போட்டால் எஃப்பிஎஸ் ஏன் குறைகிறது?

தனி கிராபிக்ஸ் கார்டு வாங்காமல், ரைசன் 5 5600ஜி மாதிரி ஒரு சிபியுவில் கேம் ஆடுபவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது: "இப்போதைக்கு 16 ஜிபி ஸ்டிக் ஒன்று போதும், இன்னொன்றைப் பிறகு வாங்கிக்கலாம்." கொள்ளளவு போதும்தான். வேகம்தான் போதாது.

டிடிஆர்4-3200 ஸ்டிக் ஒரு நொடியில் 320 கோடி முறை தரவு அனுப்பும், ஒவ்வொரு முறையும் 8 பைட். பெருக்கினால் நொடிக்கு 25.6 ஜிபி. இரண்டு 8 ஜிபி ஸ்டிக்கை இரண்டு சேனலில், அதாவது சிபியுவுக்கும் ராமுக்கும் இடையிலான இரண்டு தனித் தரவுப் பாதைகளில் போட்டால், அதே 16 ஜிபிக்கு நொடிக்கு 51.2 ஜிபி வழி கிடைக்கும். 5600ஜிக்குள் இருக்கும் வேகா கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது. டெக்ஸ்சர், ஃப்ரேம் எல்லாம் இந்த ராமில்தான், அதையும் சிபியுவோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பழைய ஜிடிஎக்ஸ் 1650 கார்டுக்கே தனியாக நொடிக்கு 128 ஜிபி இருக்கிறது. அதனால் ஒற்றை ஸ்டிக்கில் கிராபிக்ஸ் கோர்கள் வேலை செய்யத் தயாராக இருந்தும் தரவு வரும்வரை சும்மா காத்திருக்கின்றன.

தனி கார்டு இருந்தால் அடி இவ்வளவு பலமாக விழாது. ஆனாலும் 1080பியில், சிபியு முட்டுக்கட்டையாக நிற்கும் கேம்களில், சராசரி எஃப்பிஎஸ்ஸைவிட 1% லோ, அதாவது மிக மெதுவான 1% ஃப்ரேம்களின் எஃப்பிஎஸ், அதிகமாக இறங்கும். திரையில் அது திடீர்த் திக்கலாகத் தெரியும். 4கேயில் கார்டே திணறுவதால் வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடும்.

இரண்டு ஸ்டிக் வாங்கியும் பலன் கிடைக்காதவர்கள் உண்டு. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் முதல் இரண்டு ஸ்லாட்டில் அடுத்தடுத்துச் செருகினால் இரண்டும் வழக்கமாக ஒரே சேனலில் போய்விடும். பெரும்பாலான போர்டுகளில் சிபியுவிலிருந்து எண்ணினால் 2-வதும் 4-வதும் சரியான இடம். போர்டில் A2, B2 என்று அச்சிட்டிருக்கும், மேனுவலிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ராமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓடவைக்கும் XMP அல்லது DOCP அமைப்பைப் பயாஸில் ஆன் செய்யாவிட்டால் பல 3200 ஸ்டிக்குகளும் 2133, 2400, 2666 என ஏதோ ஒரு குறைந்த வேகத்திலேயே ஓடும்.

ஏற்கெனவே 8 ஜிபி இருக்கிறதா? கூட ஒரு 16 ஜிபி போடலாம், தவறில்லை. பொதுவாக 8+8 டூயல் சேனலாகவும் மீதி 8 சிங்கிள் சேனலாகவும் ஓடும். இரண்டில் மெதுவான ஸ்டிக்கின் வேகத்துக்கு மற்றதும் இறங்கிவிடும்.

டாஸ்க் மேனேஜர் காட்டும் "Slots used: 2 of 4" சேனலைப் பற்றி எதுவும் சொல்லாது. CPU-Z என்ற இலவச மென்பொருளைத் திறந்து Memory பக்கத்தில் Channel # பாருங்கள். டிடிஆர்4 என்றால் Dual அல்லது 2 x 64-bit இருக்க வேண்டும். அங்கே DRAM Frequency 1600 என்றிருந்தால் பதற வேண்டாம், 3200-இன் பாதிதான் அது. டிடிஆர்5-இல் மட்டும் கவனம் தேவை: ஒரு ஸ்டிக்குக்குள்ளேயே இரண்டு துணைச் சேனல் இருப்பதால் ஒன்றே ஒன்று போட்டாலும் 2 x 32-bit என்று காட்டும். உண்மையான டூயல் சேனலுக்கு அங்கே 4 x 32-bit வர வேண்டும்.