ஆரம் மேற்பரப்புக்கு ஏற்பச் சுருங்கும் மழைத்துளி: அதன் ஆயுளைக் கணக்கிடுவது எப்படி?

கணக்கு இதுதான். கோள வடிவ மழைத்துளி ஒன்று ஆவியாகிறது. அதன் ஆரம் குறையும் வீதம், அந்தந்த நேரத்தில் அதற்குள்ள மேற்பரப்புக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. தொடக்கத்தில் ஆரம் 2 மி.மீ. பத்து நிமிடம் கழித்து அளந்தால் 1 மி.மீ. துளி எப்போது முழுவதுமாக மறையும்?

பேனாவை எடுப்பதற்கு முன்னால் கேள்வியை இன்னொரு முறை படியுங்கள். குறைவது ஆரம் என்கிறது கேள்வி. பாடப்புத்தகங்களில் அடிக்கடி வரும் மழைத்துளிக் கணக்கில் மேற்பரப்புக்கு நேர்விகிதத்தில் குறைவது கனஅளவு. ஒரே ஒரு சொல்தான் வேறு, ஆனால் விடை தலைகீழாக மாறிவிடும். இங்கே ஆரத்தை வைத்தே போவோம்.

படி 1: வாக்கியத்தைச் சமன்பாடாக்குதல்

ஆரம் r, நேரம் t. கோளத்தின் மேற்பரப்பு 4πr². ஆரம் குறைந்துகொண்டே போவதால் கழித்தல் குறி வரும்:

```
dr/dt = -k · 4πr²
```

k, 4π இரண்டுமே மாறிலிகள். கடைசிவரை 4π-ஐச் சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை. இரண்டையும் சேர்த்து a என்று ஒரே எழுத்தாக்கிவிடலாம்:

```
dr/dt = -a r²      (a > 0)
```

படி 2: மாறிகளைப் பிரித்துத் தொகையிடுதல்

r உள்ளதெல்லாம் ஒரு பக்கம், t மறுபக்கம்:

```
dr / r² = -a dt
-1/r = -a t + C
```

1/r²-ஐத் தொகையிட்டால் -1/r வரும். அந்தக் கழித்தலை விட்டுவிடுவதுதான் இந்தக் கணக்கில் அதிகம் நடக்கும் பிழை. விட்டிருந்தால் அடுத்த படியிலேயே தெரிந்துவிடும், a-வின் மதிப்பு எதிர்மமாக வந்து நிற்கும். சுருங்கும் துளிக்கு a நேர்மமாகத்தான் இருக்க வேண்டும்.

t = 0 எனும்போது r = 2. ஆகவே C = -1/2. குறிகளை மாற்றி எழுதினால்:

```
1/r = 1/2 + a t
```

இந்தக் கணக்கில் நேர்கோட்டில் போவது ஆரம் அல்ல, ஆரத்தின் தலைகீழி. நிமிடத்துக்கு நிமிடம் 1/r ஒரே அளவு கூடுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

படி 3: மாறிலியைக் கண்டுபிடித்தல்

t = 10 எனும்போது r = 1:

```
1 = 1/2 + 10a
a = 0.05
```

இதை முந்தைய வரியில் இட்டுச் சுருக்கினால்:

```
r = 20 / (10 + t)
```

சரிபார்த்துவிடுவோம். t = 0 என்றால் 20/10 = 2. t = 10 என்றால் 20/20 = 1. இரண்டும் பொருந்துகின்றன.

படி 4: ஆயுள்

துளி மறைய வேண்டுமென்றால் r = 0 ஆக வேண்டும். 20 / (10 + t) எப்போது சுழியாகும்? தொகுதியில் 20 அப்படியே நிற்கிறது. t எவ்வளவு பெரிதானாலும் பின்னம் சிறுத்துக்கொண்டே போகுமே தவிர, சுழியாகாது. ஆக, இந்த விதிப்படி துளி ஒருபோதும் முழுவதுமாக மறையாது. அதன் ஆயுள் முடிவிலி.

முதல்முறை பார்ப்பவர்களுக்கு இது மனதில் ஒட்டாது. பத்தே நிமிடத்தில் பாதியான துளி எப்படி மறையாமல் இருக்கும்? எண்களைப் போட்டுப் பார்ப்போம். 2-லிருந்து 1 மி.மீ. ஆகப் பத்து நிமிடம். 1-லிருந்து 0.5 ஆவது t = 30-இல், அதாவது மேலும் இருபது நிமிடம். 0.25 ஆவது t = 70-இல், அதற்கு நாற்பது நிமிடம். 0.125 ஆக இன்னும் எண்பது நிமிடம் போக வேண்டும். ஒவ்வொரு பாதியாக்கத்துக்கும் முந்தையதைப் போல இரண்டு மடங்கு நேரம். 10 + 20 + 40 + 80 என்று கூட்டிக்கொண்டே போனால் அதற்கு எல்லையே கிடையாது.

காரணம் விதியிலேயே இருக்கிறது. ஆரம் பாதியானால் மேற்பரப்பு கால்பங்காகிறது. ஆகவே சுருங்கும் வேகமும் கால்பங்கு. போக வேண்டிய தூரம் பாதிதான் குறைந்தது, வேகமோ கால்பங்காகிவிட்டது. துளி தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்கிறது.

தவறாக வரும் இரண்டு விடைகள்

முதலாவது, -10 நிமிடம். 1/r = 0.5 + 0.05t என்ற வரியில் r = 0 என்பதற்காக இடப்பக்கத்தையே சுழி என்று போட்டுவிட்டால் இது வரும். 1/r சுழியாவது ஆரம் முடிவிலியாகும்போது. ஆரம் சுழியை நெருங்கும்போது 1/r பெருகிக்கொண்டே போகும். நேரம் எதிர்மமாக வந்ததே போதும், அந்த வரியைத் திரும்பிப் பார்க்க.

இரண்டாவது, 10 நிமிடம். தொடக்க வேகம் 0.05 × 4 = 0.2 மி.மீ./நிமிடம், ஆரம் 2 மி.மீ., வகுத்தால் 10. தொடக்க வேகமே கடைசிவரை நீடிக்கும் என்று எண்ணுவதால் வரும் பிழை இது. உண்மையில் அந்தப் பத்தாவது நிமிடத்தில் துளி பாதி ஆரத்தோடு இருக்கிறது.

இதே பிழை கணினியிலும் வரும். சமன்பாட்டைச் சிறு சிறு கால அடிகளாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம்:

```python
r, t, dt = 2.0, 0.0, 0.01
while t < 30:
    r -= 0.05 * r * r * dt
    t += dt
print(r)
```

விடை 0.5-ஐ ஒட்டி வரும். dt-ஐ 10 என்று மாற்றினால் முதல் அடியிலேயே 2 - 0.05 × 4 × 10 = 0, துளி மறைந்துவிட்டது! மறைந்ததற்குக் காரணம் விதியல்ல, பெரிய அடி. dt-ஐப் பாதியாக்கியும் விடை ஏறக்குறைய மாறாமல் இருந்தால் மட்டுமே நம்புங்கள்.

கனஅளவு என்று கேட்டிருந்தால்?

dV/dt = -k · 4πr². கோளத்துக்கு dV/dt = 4πr² · dr/dt என்பதால் இருபுறமும் 4πr² அடிபட்டு, dr/dt = -k மட்டும் மிஞ்சும். ஆரம் சீராகக் குறையும். அதே அளவீடுகளை வைத்தால் நிமிடத்துக்கு 0.1 மி.மீ., சரியாக 20 நிமிடத்தில் துளி காலி.

அசையாத காற்றில் உண்மைத் துளி ஆவியாவது இரண்டு மாதிரியாகவும் இல்லை. துளியைச் சுற்றியுள்ள நீராவி விரவிப் பரவும் வேகம்தான் அங்கே கட்டுப்படுத்துகிறது. சூழல் மாறாதிருந்தால் கனஅளவு குறையும் வீதம் ஏறக்குறைய ஆரத்துக்கு நேர்விகிதம், அதனால் dr/dt என்பது 1/r-க்கு நேர்விகிதம். இங்கே சீராகக் குறைவது r². நம் எண்களில் r² = 4 - 0.3t. ஆயுள் 4/0.3, அதாவது 13 நிமிடம் 20 வினாடி. முதல் பாதியாக்கத்துக்குப் பத்து நிமிடம், அடுத்ததற்கு இரண்டரை நிமிடம்தான். துளி சிறுக்கச் சிறுக்க இங்கே வேகம் கூடுகிறது.