சூடான சூப் தொண்டையைச் சுட்டபோது

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், மேலே எண்ணெய் மிதந்த சூப்பை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டேன். எண்ணெய்ப் படலம் ஆவியை மூடிவிடுவதால் சூடு கண்ணுக்குத் தெரியவே இல்லை. நெஞ்செலும்புக்குப் பின்னால் தீக்கோடு போல இறங்கியது.

உடனே குளிர்ந்த தண்ணீரைச் சிறு சிறு மடக்காகப் பத்து நிமிடம் குடித்தேன். வாந்தி எடுத்துவிடலாம் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், சுட்ட இடத்தில் அமிலமும் ஏறிவிடும். அன்று நான் பயந்து பயந்து கவனித்தது குரலையும் மூச்சையும்தான், ஏனென்றால் குரல் கம்மினாலோ, எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தாலோ, மூச்சு இழுத்தாலோ குரல்வளை மூடி வீங்குகிறது என்று அர்த்தம், நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

எனக்கு அப்படி ஆகவில்லை. மறுநாள் உள்நாக்குப் பக்கம் வெள்ளையாக ஒரு படலம் தெரிந்தது. சீழோ என்று பதறினேன். வெந்த மேல்தோல்தான் அது, அடியில் உள்ள செல்கள் பெருகிப் புதுத் தோல் வளர வளர அதுவாகவே உரிந்துவிடும். ஆறிய கஞ்சி, தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டேன், காரமும் புளியும் தொடவில்லை. நாலாம் நாள் வலி பாதியானது, பத்தாம் நாள் சரியாகிவிட்டது.