கேட்காமலே வரும் ஒப்புதல் கோரிக்கை: முதல் பூட்டு திறந்துவிட்டது என்பதற்கான அடையாளம்

இரவு ஒன்றரை மணிக்குத் தோழி ஒருவரின் கைப்பேசி ஒலித்திருக்கிறது. ‘உள்நுழைய முயல்வது நீங்கள்தானா?’ என்று அவருடைய மின்னஞ்சல் கணக்கு கேட்டது. ‘இல்லை’ என்று அழுத்திவிட்டுப் படுத்தார். இரண்டு நிமிடத்தில் அதே கேள்வி மீண்டும் வந்தது. ஏழாவது முறை கைப்பேசியையே அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். காலையில் என்னிடம், “ஏதோ கோளாறு போலிருக்கிறது. ஆனாலும் பாதுகாப்பு நன்றாக வேலை செய்கிறது, யாரையும் உள்ளே விடவில்லை பாருங்கள்” என்றார்.

உள்ளே விடவில்லை என்பது சரி. ஆனால் அந்தக் கணக்குக்கு இரண்டு பூட்டுகள்: முதலாவது கடவுச்சொல், இரண்டாவது கைப்பேசியில் கேட்கும் ஒப்புதல். கைப்பேசி கேட்டதெல்லாம் இரண்டாவது பூட்டின் கேள்வி. முதல் பூட்டைத் திறக்காமல் ஒருவர் அந்த இடம் வரை வந்திருக்க முடியாது.

முதலில் நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள்

உலாவியில் தனிப்பட்ட சாளரம் ஒன்றைத் திறந்து, உங்கள் கணக்கின் பயனர் பெயரை இடுங்கள். கடவுச்சொல்லை வேண்டுமென்றே ஒரே ஒருமுறை தவறாக இடுங்கள். பலமுறை செய்தால் கணக்கு தற்காலிகமாக முடங்கலாம். ‘கடவுச்சொல் தவறு’ என்று திரை சொல்லும், கைப்பேசி சும்மா இருக்கும். இப்போது சரியான கடவுச்சொல்லை இடுங்கள். உடனே கைப்பேசியில் கோரிக்கை வரும்.

சேவை வழங்குபவரின் கணினி முதலில் கடவுச்சொல்லைச் சரிபார்க்கிறது. பொருந்தினால் மட்டுமே கைப்பேசியைத் தட்டுகிறது. ஆகவே நீங்கள் எங்கும் உள்நுழையாத நேரத்தில் கோரிக்கை வருகிறது என்றால், வேறு யாரோ ஒருவர் உங்கள் கடவுச்சொல்லைச் சரியாகவே இட்டிருக்கிறார். ஒருமுறை வந்தால், வீட்டில் கிடக்கும் உங்கள் பழைய கருவி ஒன்று தானாக உள்நுழைய முயன்றதோ என்று யோசிக்க இடமுண்டு. அடுத்தடுத்து வந்தால் அந்த யோசனைக்கு நேரம் செலவிட வேண்டாம்.

சோதனையில் வேறு விதமாகவும் நடக்கலாம். கடவுச்சொல்லைக் கேட்பதற்கு முன்பே கைப்பேசிக்குக் கோரிக்கை வந்துவிட்டால், உங்கள் கணக்கு கடவுச்சொல் இல்லாமல் கைப்பேசி ஒப்புதலாலேயே திறக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அங்கே பயனர் பெயர் தெரிந்த எவரும் உங்களுக்குக் கோரிக்கை அனுப்பலாம். அதேபோல் வந்த அறிவிப்பு ‘கடவுச்சொல்லை மாற்ற வேண்டுமா?’ என்று கேட்டால், யாரோ ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்ற வழியை முயல்கிறார். அதற்கும் கடவுச்சொல் தெரிந்திருக்கத் தேவையில்லை. குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் குறியீடும் பல சேவைகளில் இப்படித்தான். இந்த வகைகளில் ஒப்புக்கொள்ளாமல் இருந்தாலே பெரும்பாலும் போதும். அறிவிப்பின் சொற்களை முழுதாகப் படிக்கச் சொல்வது இதனால்தான்.

ஏன் ஏழு முறை?

திருடனுக்குத் தேவை ஒரே ஒரு ‘ஆம்’. தூக்கக் கலக்கத்திலோ, தொல்லை ஓயட்டும் என்ற எரிச்சலிலோ நீங்கள் அழுத்திவிடுவீர்கள் என்று காத்திருக்கிறான். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஒருவர் நுழைந்தது இப்படித்தான். ஒப்பந்தப் பணியாளர் ஒருவரின் சொந்தக் கருவியில் தீநிரல் புகுந்து, அவருடைய கடவுச்சொல் கள்ளச்சந்தைக்குப் போய், அங்கிருந்து வாங்கப்பட்டிருக்கக்கூடும் என்று நிறுவனமே பின்னர் விளக்கியது. வாங்கியவர் மீண்டும் மீண்டும் உள்நுழைய முயன்றார். பணியாளர் தொடக்கத்தில் இடம் கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு கோரிக்கையை ஏற்றுக்கொண்டார், கதவு திறந்துவிட்டது.

கோரிக்கைகளுக்கு நடுவே ‘தொழில்நுட்பப் பிரிவிலிருந்து பேசுகிறோம், அதை ஏற்றுக்கொண்டால் நின்றுவிடும்’ என்று அழைப்போ செய்தியோ வந்தால், பேசுபவர்தான் அனுப்புபவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வந்ததும் செய்ய வேண்டியவை

1. மறுத்துவிடுங்கள். கண்டுகொள்ளாமல் விடுவதைவிட ‘இது நான் இல்லை’ என்று அழுத்துவது மேல். பல சேவைகள் அதைப் பதிந்துகொண்டு கணக்கைக் கூடுதலாகக் கண்காணிக்கும். அதில் காட்டும் ஊர் உங்கள் ஊராகவே இருந்தாலும் மயங்க வேண்டாம், இருப்பிடத்தை மறைப்பது எளிது.

2. உள்நுழைவுப் பதிவைப் பாருங்கள். செய்தியில் வந்த இணைப்பைத் தொடாமல் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். கூகுள் கணக்கென்றால் `myaccount.google.com`, மைக்ரோசாஃப்ட் அலுவலகக் கணக்கென்றால் `mysignins.microsoft.com`. அலுவலகக் கணக்கானால் நிர்வாகியிடமும் உடனே சொல்லுங்கள். மைக்ரோசாஃப்ட் பதிவில் அவருக்கு `50126` என்ற எண் தெரிந்தால் கடவுச்சொல் தவறாக இடப்பட்டது என்று பொருள். `500121` என்றால் இரண்டாம் கட்டத்தில் தடைபட்டது என்று பொருள். முதல் எண் வரிசையாக வந்து, பின்னர் இரண்டாவது எண் தொடங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊகித்துக்கொண்டிருந்தவருக்கு விடை கிடைத்த நேரம் அதுதான். முதல் எண்ணே இல்லாமல் நேராக இரண்டாவது எண் வந்திருந்தால், வந்தவர் ஊகிக்கவே இல்லை, விடையோடு வந்திருக்கிறார்.

3. கடவுச்சொல்லை மாற்றுங்கள். பழையதன் கடைசி எண்ணைக் கூட்டிப் புதியது செய்யாதீர்கள். திருடனும் முதலில் அதைத்தான் முயல்வான். அதே சொல்லை வேறு எங்கெல்லாம் பயன்படுத்தினீர்களோ, அங்கெல்லாம் மாற்றுங்கள். அலுப்பான வேலைதான்.

4. எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறச் செய்யும் வசதியை அழுத்துங்கள்.

தவறிப்போய் ‘ஆம்’ என்று அழுத்தியிருந்தால் இந்த நான்கோடு நிற்கக் கூடாது. மீட்புக்கான தொலைபேசி எண், மீட்பு மின்னஞ்சல், புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒப்புதல் கருவி, மின்னஞ்சலை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் விதி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். உள்ளே வந்தவர் திரும்பி வருவதற்கான வழியை இங்கேதான் விட்டுவைப்பார். கடவுச்சொல்லை மாற்றினாலும் இவை அழியாமல் இருக்கக்கூடும்.

மாற்றிய பிறகு என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்

தோழி அன்று காலையே தம் மடிக்கணினியில் கடவுச்சொல்லை மாற்றினார். அன்றிரவு மீண்டும் மூன்று கோரிக்கைகள். அவர் கலங்கிப்போனார்; எனக்கோ அதுவரை கிடைத்ததிலேயே பயனுள்ள தகவல் அதுதான். பழைய கசிவொன்றில் வெளியான சொல்லாக இருந்தால், மாற்றியதும் கோரிக்கை நின்றிருக்கும். யாருக்கும் சொல்லாத, அன்று காலை பிறந்த சொல் இரவுக்குள் வெளியே போயிருக்கிறது என்றால், அது தட்டச்சான இடத்திலிருந்தே போயிருக்க வேண்டும்.

மடிக்கணினியில், கட்டணமின்றிக் கிடைத்ததென்று இரண்டு வாரத்துக்கு முன் அவர் நிறுவிய படத்தொகுப்பு மென்பொருள் ஒன்று இருந்தது. தேடித் தேடி நீக்குவதை நான் நம்புவதில்லை. கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, இயங்குதளத்தையே புதிதாக நிறுவினோம். அது முடியும் முன்பே கைப்பேசியிலிருந்து கடவுச்சொல்லை இன்னொரு முறை மாற்றி, எல்லாக் கருவிகளையும் வெளியேற்றினோம். இந்த வகைத் தீநிரல் உலாவியில் சேமித்த உள்நுழைவுத் தடங்களையும் திருடும். அவற்றைக் கொண்டு கோரிக்கையே அனுப்பாமல் உள்ளே வர முடியும். ஆகவே கோரிக்கை நின்றுவிட்டது என்பதை மட்டும் வைத்துக் கணக்கு தூய்மையாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். உள்நுழைவுப் பதிவை ஒரு வாரம் தினமும் பார்க்கச் சொன்னேன்.

கடைசியாக, வெறும் ‘ஆம், இல்லை’ பொத்தான்களை விட்டுவிட்டு, திரையில் தெரியும் எண்ணைக் கைப்பேசியில் இடும் முறைக்கு அவர் மாறினார். மைக்ரோசாஃப்டின் ஒப்புதல் செயலியில் 2023 மே முதல் இது கட்டாயம். அந்த எண் திருடனின் திரையில்தான் இருக்கும் என்பதால் தூக்கத்தில் அழுத்திவிட வாய்ப்பில்லை. அவனே அழைத்து எண்ணைச் சொல்லி ஏமாற்றலாம் என்ற ஓட்டை இருக்கிறது. உங்கள் சேவையில், கடவுச்சொல் இல்லாமல் கருவியின் கைரேகையோ முகமோ திரைப்பூட்டோ கொண்டு உள்நுழையும் ‘பாஸ்கீ’ முறை இருந்தால் அந்த ஓட்டையும் அடைபடும். அதில் அழைத்துச் சொல்லவோ, கேட்டு இடவோ எண் எதுவும் இல்லை.