அப்பத்தா போனில் யுபிஐ: சிம்மில் தொடங்கி முதல் ஒரு ரூபாய் வரை

புது போனில் பீம் ஆப்பை ஏற்றிவிட்டு அப்பத்தா காத்திருக்கிறார். "எஸ்எம்எஸ் போகலைன்னு மூணு தடவை வந்துடுச்சுப்பா."

பேரன் பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தான். வங்கியில் கொடுத்திருக்கும் எண்ணின் சிம் இன்னும் பழைய பட்டன் போனிலேயே இருக்கிறது. பலர் தடுக்கி நிற்பது இங்கேதான். உங்கள் எண் இதுதானா என்று சரிபார்க்க, ஆப் உங்கள் போனிலிருந்து தானாகவே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். வங்கியில் பதிந்த எண்ணின் சிம் அதே போனில் இருந்தால்தான் கணக்கு கிடைக்கும். சிம்மை மாற்றிய பிறகும் எஸ்எம்எஸ் போகவில்லை. ரீசார்ஜ் தீர்ந்திருந்தது. வைஃபை இருந்தாலும் எஸ்எம்எஸ்ஸுக்கு சிம்மில் பேக் வேண்டும். இரண்டு சிம் போட்ட போனாக இருந்தால், ஆப் கேட்கும்போது சரியான சிம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரீசார்ஜ் செய்ததும் கணக்கு திரையில் வந்தது. அடுத்து யுபிஐ பின். ஏடிஎம் கார்டின் கடைசி ஆறு எண்களையும், அது காலாவதியாகும் மாதம், வருடத்தையும் அப்பத்தாவே தட்டினார். வந்த ஓடிபியைப் போட்டார். சில வங்கிகள் இந்த இடத்தில் ஏடிஎம் பின்னையும் கேட்கும். அதைக் கேட்பது கார்டு உங்களுடையதுதான் என்று உறுதி செய்ய. அதற்குப் பிறகு நீங்கள் புதிதாக வைப்பதுதான் யுபிஐ பின். இரண்டையும் குழப்பிக்கொண்டால் பணம் அனுப்பும்போது 'தவறான பின்' என்று வரும். மறுபடி மறுபடி தப்பாகப் போட்டால் வங்கி தற்காலிகமாகப் பூட்டிவிடும்.

பின் வைக்கும்போது பேரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எனக்கும் சொல்லாதீங்க அப்பத்தா."

முதல் முறை ஒரு ரூபாய் போதும். அப்பத்தா பேரனின் எண்ணைத் தட்டினார்.

"யார் பேரு வருது?"

"உன் பேருதான்."

"அதைப் படிச்ச பிறகுதான் பின் போடணும். எண் ஒண்ணு மாறினா வேற பேரு வரும், அங்கேயே நிறுத்திடலாம்."

போய்ச் சேர்ந்தது. ஒருவேளை 'நிலுவை' என்று காட்டினால் உடனே இரண்டாம் முறை அனுப்பக் கூடாது. இரண்டுமே போய்விடலாம். பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து முடிவு தெரியும்வரை பொறுக்க வேண்டும். ஒருவருக்கு அனுப்பிய பணம் கணக்கில் கழிந்தும் அவருக்குச் சேரவில்லை என்றால், மறுநாளுக்குள் திருப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

பேரன் அந்த ரூபாயைத் திருப்பி அனுப்பினான். அப்பத்தா போனில் செய்தி வந்தது.

"நான் எதையும் தட்டலையே?"

"வாங்குறதுக்குப் பின் தேவையே இல்ல அப்பத்தா."

"அப்போ காசு அனுப்புறேன், பின்னைப் போடுங்கன்னு எவனாவது கூப்பிட்டா?"

"போட்டா உங்க காசுதான் போகும். போனை வச்சிடுங்க. தெரியாம போட்டுட்டா அடுத்த நிமிஷமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்க."

அப்பத்தா அந்த எண்ணை பாஸ்புக்கின் கடைசி அட்டையில் பெரிதாக எழுதிக்கொண்டார்.