பர்ச்சேசிங் ஆபிசர் ரெஸ்யூமேக்கு மார்க் போடும்போது

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறீர்களா? பத்துக்கு மார்க் போட்டால் சேமிப்புக்கு நாலு, சப்ளையர் பேரத்துக்கு நாலு, சிஸ்டத்துக்கு ரெண்டு போதும். "15% செலவைக் குறைத்தேன்" என்று மட்டும் எழுதியிருந்தால் சேமிப்புக்கு ஒரு மார்க்குக்கு மேல் தராதீர்கள், ஏனென்றால் சப்ளையர் முதலில் ஏற்றிச் சொன்ன விலையிலிருந்து குறைத்ததையும் பலர் சேமிப்புக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

அதுவே "வருஷத்துக்கு 8 லட்சம் ரிங்கிட் அட்டைப்பெட்டி வாங்குகிறோம், போன வருஷம் கொடுத்த விலையைவிட 6% குறைத்தேன்" என்று இருந்தால் 48,000 ரிங்கிட் என்று நாமே போட்டுப் பார்க்கலாம், அதற்கு முழு மார்க். ஆனால் அந்த வருஷம் காகித விலையே சந்தையில் இறங்கியிருந்தால் அது பேரம் இல்லை, பேரத்துக்கு மார்க்கைக் குறையுங்கள். எப்படிப் பேரம் பேசினார் என்பதுதான் முக்கியம்: இரண்டாவது சப்ளையரைக் கொண்டுவந்தாரா, சப்ளையருக்குப் பணம் கட்டும் கெடுவை 30 நாளிலிருந்து 60 ஆக்கினாரா?

அப்புறம் சிஸ்டம். எஸ்ஏபி மென்பொருள் தெரியும் என்றால் ஒரு மார்க். சும்மா அதன் ME21N திரையில் ஆர்டர் போடுவதோடு நிற்காமல், ஆர்டர், சரக்கு வரவு, இன்வாய்ஸ் மூன்றும் ஒத்துப்போகாத பில்லை எப்படித் தீர்த்தார் என்று எழுதியிருந்தால் இரண்டாவதையும் கொடுங்கள்.