மின்சாரக் காரை ஓட்டிப் பார்க்கும்போது காலை எடுத்துப் பாருங்கள்

சென்ற மாதம் என் மச்சான், வேறொருவர் பாவித்த மின்சாரக் கார் ஒன்றை வாங்குவதற்காகப் பார்க்கப் போனான். விற்றவர் நல்ல மனத்தோடு பற்றரியை 100 வீதம் ஏற்றி வைத்திருந்தார். யாழ்ப்பாணத்தில் கண்டி வீதியில் செம்மணிப் பக்கம் வந்ததும் மச்சான் அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான். வேகம் குறையவில்லை, கார் வழுக்கிக்கொண்டே போனது. "அண்ணா, இதில் ஏதோ பழுது இருக்கிறது" என்று எனக்குத் தொலைபேசி எடுத்தான்.

காரில் பழுது இல்லை. காலை எடுத்ததும் சக்கரங்கள் மோட்டரைச் சுழற்றுகின்றன, மோட்டர் மின்பிறப்பாக்கி ஆகிறது. அப்படி மின்சாரம் பிறப்பிக்கச் செலவாகும் விசைதான் காரைத் தளர்த்துகிறது. பிறந்த மின்சாரம் பற்றரிக்குத் திரும்புகிறது. இதுதான் ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங். வாய்வரை நிரம்பிய குடத்தில் தண்ணீர் வார்க்க முடியாததுபோல, நிரம்பிய பற்றரிக்கு அந்த மின்சாரத்தை ஏற்க இடமில்லை. அதனால் கார் தானாகவே அந்தத் தடுப்பைக் குறைத்துவிடுகிறது.

ஆகவே முதற்படி, ஓட்டிப் பார்க்கும் நாளில் பற்றரி 60 முதல் 80 வீதத்துக்குள் இருக்கட்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மச்சான் மறுபடி போனபோது 70 வீதம் இருந்தது. அதே கார், அதே இடத்தில், நன்றாகத் தளர்ந்தது.

இரண்டாம் படி, வேகம் குறைவதை அளந்து பாருங்கள். பண்ணைப் பாலத்து வீதிபோல நேரான, சமதரையான, வாகனம் குறைந்த இடம் இதற்கு நல்லது. பின்னால் யாரும் இல்லை என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டு மணிக்கு 50 கிலோமீற்றரில் செல்லுங்கள். ஒரு மின்கம்பத்தைக் குறிவைத்து, அதைத் தாண்டும் கணத்தில் காலை எடுங்கள். வேகம் 20 ஆகும் இடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதை ஒருமுறை D நிலையிலும், காரில் தடுப்பைக் கூட்டும் B நிலை இருந்தால் இன்னொரு முறை அதிலும் செய்யுங்கள். தூரம் குறையக் குறைய மின்சாரத்தை மீட்கும் தடுப்பு பலமானது என்று பொருள். காலை எடுக்கும்போது மீட்டர்ப் பலகையில் சக்திக் காட்டி மின்னேற்றும் பக்கம் சாய வேண்டும்.

திரும்பக் கிடைப்பது எவ்வளவு என்று பலர் கேட்கிறார்கள். 1,600 கிலோ எடையுள்ள கார் 50 கிலோமீற்றர் வேகத்தில் கொண்டிருக்கும் இயக்க சக்தி ஏறத்தாழ 43 வாற்று மணி. அதில் பத்தில் ஆறு பங்கு மீண்டால் ஏறத்தாழ 26 வாற்று மணி. கிலோமீற்றருக்கு 150 வாற்று மணி செலவாகும் காருக்கு அது ஏறத்தாழ 170 மீற்றர் ஓடப் போதும். ஒரு நிறுத்தத்துக்கு இது சிறிதுதான். ஆனால் ஆஸ்பத்திரி வீதியில் நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று போகிறவருக்குச் சேர்ந்துகொண்டே போகும். சீரான வேகத்தில் நெடுந்தூரம் போகிறவருக்கு ஏறக்குறைய ஒன்றும் இல்லை. இறங்கும்போது மீட்டுக்கொள்ள எங்கள் ஊரில் இறக்கமும் கிடையாது.

மூன்றாம் படி, ஒற்றை மிதியில் ஓட்டப் பழகுங்கள். சில கார்களில் இதற்குத் தனிப் பொத்தான் உண்டு. நிசான் லீஃபின் இரண்டாம் தலைமுறையில் அதன் பெயர் e-Pedal. புதியவர் செய்யும் தவறு, காலைச் சட்டென்று முழுவதும் எடுப்பது. அப்படிச் செய்தால் பக்கத்தில் இருப்பவரின் தலை முன்னே ஆடும். கிணற்றில் வாளியை இறக்கும்போது கயிற்றை ஒரேயடியாகக் கைவிடுவதில்லையே, அதேபோல மிதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

சந்தியை நெருங்கும்போது கார் முற்றாக நிற்கிறதா, அல்லது மெல்ல ஊர்கிறதா என்று கவனியுங்கள். இரண்டு வகையும் உண்டு. ஊர்கிற காரை நின்றுவிடும் என்று நம்பினால் முன்னால் நிற்கும் முச்சக்கர வண்டியில் போய் முட்டுவீர்கள். நாயோ பிள்ளையோ குறுக்கே வந்தால் எந்தக் காரிலும் பிரேக் மிதிதான். காலை எடுத்தால் போதும் என்ற பழக்கம் அந்த நேரத்தில் வரக்கூடாது.

நான்காம் படிக்கு இன்னொருவர் வேண்டும். அவரைப் பாதுகாப்பான தூரத்தில் மோட்டார் சைக்கிளில் பின்னால் வரச் சொல்லுங்கள். நீங்கள் காலை மட்டும் எடுக்கும்போது பின்பக்கச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று அவர் பார்க்கட்டும். மெதுவான தளர்வுக்கு எரியாமல் இருக்கலாம். கார் வலுவாகத் தளரும்போது எரிந்தே ஆக வேண்டும். நெருக்கிக்கொண்டு வருபவர்கள் நிறைந்த எங்கள் வீதிகளில் இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கடைசியாக, இறங்கிச் சக்கரக் கம்பிகளுக்கிடையே பிரேக் தட்டைப் பாருங்கள். மோட்டரே தடுப்பு வேலையைச் செய்வதால் அந்தத் தட்டுகள் அதிகம் உரசப்படுவதில்லை, உப்புக் காற்றில் துருப்பிடிக்கின்றன. ஒரு மழை இரவில் படிந்த மெல்லிய செந்துரு இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்தால் போய்விடும். ஓரத்தில் மேடுதட்டி, நடுவில் குழி விழுந்திருந்தால் தட்டு மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். மச்சான் அப்படித்தான் கேட்டான், விற்றவரும் ஒத்துக்கொண்டார்.